பாகம் எண் கையில் இருக்கு, கட்டிடம் எதுன்னு தெரியலை: வாக்குச்சாவடியை உறுதி செய்வது எப்படி?

வைகைக்கரை | 18 மார்ச் 2024, இரவு 9.40

ஏப்ரல் 19னு தேதி சொல்லிட்டாங்க. அம்மா மதுரைப் பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க. 78 வயசு, முழங்கால் மோசம். நான் சென்னையில. வெயில்ல தப்பான இடத்துக்குப் போய் நின்னுட்டு இன்னொரு இடத்துக்கு நடக்க அவங்களால ஆகாது. அதனால இப்பவே இடத்தைத் தெரிஞ்சுக்கணும்னு electoralsearch.eci.gov.in ல அவங்க அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பாகம் 187, வரிசை எண் 642. வாக்குச்சாவடின்னு போட்டிருக்கிறது இது: "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கிழக்கு பார்த்த தார்சு கட்டிடம், வடக்குப் பகுதி".

பிரச்சினை ரெண்டு. 2021ல அம்மா ஓட்டுப் போட்டது பள்ளிக்கூடத்துலயே இல்லை, சமுதாயக் கூடத்துல. ரெண்டாவது, எங்க ஊராட்சியில ஒன்றிய நடுநிலைப் பள்ளியே ரெண்டு இருக்கு. ஒன்னு ஊருக்குள்ள, இன்னொன்னு கண்மாய் தாண்டி காலனிப் பக்கம், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. தளத்துல வரைபடத்தை அமுக்கினா குறி கண்மாய்ப் பக்கம் போய் நிக்குது.

தளத்துல இருக்கிறது பழைய விவரமா? எதை நம்புறது?

கார்த்தி79 | 18 மார்ச், இரவு 10.05

ரொம்ப யோசிக்காதீங்க. வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி பாகம் எண், தொகுதி எல்லாம் அச்சடிச்சிருக்கும். அதுதான் பூத்.

வைகைக்கரை | 18 மார்ச், இரவு 10.20

திருப்பிப் பார்த்தாச்சு கார்த்தி. அம்மா அட்டையில தொகுதி சமயநல்லூர்னு இருக்கு. அந்தத் தொகுதியே 2008 மறுவரையறையில போயிடுச்சு. இல்லாத தொகுதியோட பாக எண்ணை வச்சு எங்க தேடுறது?

செந்தூரான் | 18 மார்ச், இரவு 10.31

சமயநல்லூருக்கு ஒரு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்துட்டு அப்படியே வீட்டுக்கு வந்துடச் சொல்லுங்க.

ஓய்வாசிரியர் | 19 மார்ச், காலை 6.15

பள்ளி ஆசிரியனாக இருந்தபோது பிஎல்ஓ எனும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்த்தேன், தலைமை வாக்குச்சாவடி அலுவலராகவும் இருந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார்த்தி சொன்னது பாதி சரி. அட்டையின் பின்புறம் உள்ள பாக எண், அட்டை அச்சான அன்று இருந்த எண். அதற்குப் பிறகு பாகங்களைப் பிரித்திருப்பார்கள், சேர்த்திருப்பார்கள், எண்ணை மாற்றியிருப்பார்கள். அட்டையில் மாறாமல் நிற்பது அட்டை எண் ஒன்றுதான். அதை வைத்துத் தேடி வருகிற பாகமும் வரிசை எண்ணும்தான் இன்றைய நிலை. ஆகவே 187, 642 என்பதை நம்பலாம்.

2021ல் சமுதாயக் கூடம் எப்படி வந்தது என்றால், அது கொரோனா காலத் தேர்தல். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,000 பேருக்கு மேல் கூடாது என்று வைத்தார்கள். அதைத் தாண்டிய பாகங்களை இரண்டாக்கி, இரண்டாம் பாதிக்குத் துணை வாக்குச்சாவடி போட்டார்கள். 187 என்றால் 187ஏ. தமிழ்நாட்டில் வழக்கமாக 68 ஆயிரத்துச் சொச்சம் இருக்கும் சாவடிகள் அந்த ஒரு தேர்தலில் 88 ஆயிரத்தைத் தாண்டியது இதனால்தான். இந்த முறை வரம்பு மறுபடி 1,500. துணைச் சாவடி எடுபட்டிருக்கும், உங்கள் அம்மா மூலச் சாவடிக்கே திரும்பியிருப்பார். ஊகம்தான். 187ல் மொத்தம் எத்தனை பேர் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

எங்கே பார்ப்பது? voters.eci.gov.in/download-eroll போய் மாநிலம், மாவட்டம், தொகுதி, மொழி தேர்ந்தெடுத்தால் பாகவாரியாகப் பட்டியல் இறங்கும். தேடல் பக்கத்தில் வருவது ஒரு வரிதான். முழு விவரம் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மலர்விழி | 19 மார்ச், காலை 8.50

எனக்கும் இதே பிரச்சினை! என் பேர் தாம்பரத்துல இருக்கு, நான் இப்ப கோயம்புத்தூர்ல. இங்க பக்கத்து ஸ்கூல்லயே பூத் இருக்கு. அட்டையைக் காட்டினா இங்க போட விடுவாங்களா?

ஓய்வாசிரியர் | 19 மார்ச், காலை 9.30

இதே பிரச்சினை இல்லை அம்மா, வேறு பிரச்சினை. எந்தப் பாகத்தில் பெயர் இருக்கிறதோ அந்தச் சாவடியில் மட்டும்தான் வாக்கு. பக்கத்து அறையில்கூட முடியாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 உண்டு. ஆனால் வேட்புமனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். மனு 27ஆம் தேதி முடிகிறது, அதனால் 17ஆம் தேதியோடு போயிற்று. இந்தத் தடவை தாம்பரம்தான்.

மலர்விழி | 19 மார்ச், காலை 9.41

ரெண்டு நாள்ல விட்டுட்டேனா 😭

வைகைக்கரை | 19 மார்ச், இரவு 11.10

பட்டியலை இறக்கிட்டேன். இதைப் பண்ணாதவங்க பண்ணிப் பாருங்க. நான் இத்தனை வருஷம் அந்த முதல் பக்கத்தை ஒழுங்கா படிச்சதே கிடையாது.

மொத்த வாக்காளர் 1,264. ஐயா கணக்கு அப்படியே பொருந்துது. 1,000ஐத் தாண்டினதால 2021ல பிரிச்சிருக்காங்க, 1,500க்குள்ள இருக்கிறதால இப்ப ஒன்னாயிடுச்சு. "துணை வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கை"ன்னு ஒரு இடம் இருக்கு, அதுல 0. ஆக சமுதாயக் கூடம் கணக்குலயே இல்லை.

அம்மா பேரைக் கண்டுபிடிக்கத்தான் கஷ்டப்பட்டேன். பிடிஎஃப் உள்ள தேடினா ஒன்னும் வராது, எல்லாம் படமா இருக்கு. அப்புறம் பார்த்தா ஒரு பக்கத்துக்கு முப்பது பேர். 642ஐ முப்பதால வகுத்தா 22வது பெயர்ப் பக்கம். முன்னாடி ரெண்டு பக்கம் விவரம் இருக்கிறதால கோப்புல 24. ஒன்றிரண்டு பக்கம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன், அம்மா இருந்தாங்க. வீட்டு எண் பழசு, பேர் சரி, "நீக்கம்"னு எந்த முத்திரையும் இல்லை.

ஆனா பள்ளிக்கூடம் விஷயத்துல இன்னும் அதே இடத்துலதான் நிக்கிறேன். முகவரின்னு போட்டிருக்கிற இடத்துல ஊராட்சி பேரும் பின்கோடும்தான். ரெண்டு பள்ளிக்கும் அதுதான் முகவரி.

கார்த்தி79 | 20 மார்ச், காலை 7.30

ரெண்டாம் பக்கத்துல போட்டோ இருக்குமே? எங்க பாகத்துல பள்ளிக்கூட முகப்பு போட்டோவும் வரைபடமும் இருக்கு.

வைகைக்கரை | 20 மார்ச், காலை 8.02

இருக்கு. கறுப்பு வெள்ளையில ஒரு சுவர், ஒரு வேப்பமரம். தமிழ்நாட்டுல எந்தப் பள்ளிக்கூடமா வேணா இருக்கலாம்.

ஓய்வாசிரியர் | 20 மார்ச், காலை 10.00

முகவரியை விடுங்கள், பிரிவுகளைப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே இந்தப் பாகத்தில் எந்தெந்தத் தெரு என்று 1, 2, 3 போட்டு எழுதியிருக்கும். அந்தத் தெருக்கள் எந்தப் பள்ளியைச் சுற்றி இருக்கின்றன? சாவடி வைக்கும்போது வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது விதி. பெரும்பாலும் அந்தத் தெருக்களுக்கு நடுவிலோ விளிம்பிலோதான் கட்டிடம் இருக்கும்.

இன்னொன்று, 187ஐ மட்டும் இறக்கினால் போதாது. 186, 188, 189 முதல் பக்கங்களையும் இறக்குங்கள். ஒரு பள்ளியில் பல சாவடி இருந்தால் அடுத்தடுத்த எண்களாக வரும். கட்டிட வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளியின் அமைப்பே தெரிந்துவிடும்.

வைகைக்கரை | 20 மார்ச், இரவு 10.45

ஐயா, இறக்கினேன். அப்படியே தர்றேன்.

186: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கிழக்கு பார்த்த தார்சு கட்டிடம், தெற்குப் பகுதி.
187: அதே பள்ளி, கிழக்கு பார்த்த தார்சு கட்டிடம், வடக்குப் பகுதி.
188: அதே பள்ளி, வடக்கு பார்த்த ஓட்டுக் கட்டிடம்.
189: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி (காலனி), மேற்கு பார்த்த தார்சு கட்டிடம்.

189ல "காலனி"ன்னு அடைப்புக்குறி இருக்கு, மத்த மூணுல இல்லை. 187ல தெருக்கள் எல்லாம் ஊருக்குள்ள இருக்கிறது: கீழத்தெரு, பிள்ளையார் கோவில் தெரு, வடக்குத் தெருவுல ஒரு பகுதி. அப்ப ஊர்ப் பள்ளிதான். வரைபடக் குறிதான் காலனிப் பள்ளியைக் காட்டுது. ஏன்னு புரியலை.

செந்தூரான் | 20 மார்ச், இரவு 11.00

"வடக்கு பார்த்த", "கிழக்கு பார்த்த"... ஓட்டுப் போடப் போறோமா, மனையடி சாஸ்திரம் பார்க்கப் போறோமா? அது என்னங்க தார்சு? எங்க ஊர்லயும் இப்படித்தான் எழுதியிருக்கு, நான் ஏதோ ஜாதகம்னு விட்டுட்டேன்.

ஓய்வாசிரியர் | 21 மார்ச், காலை 6.05

தட்டையான மேல்தளம் போட்ட கட்டிடம் தார்சு. ஓடு வேய்ந்தது ஓட்டுக் கட்டிடம். கிராமப் பள்ளிகளில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும், அதனால்தான் அப்படிப் பிரித்து எழுதுகிறார்கள். தலைமையாசிரியர் அறை, ஐந்தாம் வகுப்பு என்று எழுதினால் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடும். திசை மாறாது.

கிழக்கு பார்த்த என்றால் கட்டிடத்தின் வாசல் கிழக்கே இருக்கிறது. நீங்கள் வாசலைப் பார்த்து நின்றால் உங்கள் முகம் மேற்கே இருக்கும், வலது கைப்பக்கம் வடக்கு. ஆகவே உங்கள் அம்மாவுக்கு வலது கோடி அறை. 186க்காரர்களுக்கு இடது கோடி. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ஒரே பள்ளியில் தப்பு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் "உங்கள் பெயர் இங்கே இல்லை" என்று கேட்டுத் திரும்புவார்கள். நான் அலுவலராக இருந்த சாவடிகளில் பெயர் இல்லை என்று சண்டைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்து அறையில் பெயர் இருந்தது.

ராஜிக்கா | 21 மார்ச், மதியம் 1.15

சென்னைக் கதை ஒன்னு. எங்க பூத் மாநகராட்சிப் பள்ளி. பட்டியல்ல ஒரு தெருப் பேர் போட்டு முகவரி இருக்கும். அந்தப் பள்ளிக்கு ரெண்டு வாசல், ரெண்டு தெருவுல. பட்டியல்ல இருக்கிற தெரு வாசலைத் தேர்தலன்னிக்குப் பூட்டிடுவாங்க, பின்பக்கத்தை மட்டும் திறப்பாங்க. சுத்தி வரணும். திசையெல்லாம் எங்களுக்குக் கிடையாது, "அறை எண் 4"ன்னுதான் இருக்கும். ஆனா அந்த 4 பள்ளிக்கூடத்தோட 4 இல்லை. கதவுல வெள்ளைத்தாள்ல ஒட்டுற 4.

முன்னாடியெல்லாம் ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறைன்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு வரிசையில, நான் ஒரு வரிசையில. இப்ப எங்க பக்கம் பொதுன்னு ஆக்கிட்டாங்க.

ஓய்வாசிரியர் | 21 மார்ச், மதியம் 2.40

ராஜிக்கா சொன்ன ஆண், பெண் விஷயமும் முதல் பக்கத்தில் உண்டு. சாவடியின் வகைப்பாடு என்று ஆண், பெண், பொது மூன்றில் ஒன்று போட்டிருக்கும். பல சாவடி உள்ள இடத்தில் வாசலருகே உதவி மையம் போடுவார்கள். அகர வரிசைப் பட்டியலும் வைத்திருப்பார்கள், பெயரைச் சொன்னால் பாகமும் வரிசை எண்ணும் எடுத்துத் தருவார்கள். முதலில் அங்கே போய்விட்டால் அலைச்சல் இல்லை.

வைகைக்கரை | 24 மார்ச், மாலை 5.30

சித்தப்பா பையனை அனுப்பி ஊர்ப் பள்ளியைப் படம் எடுக்கச் சொன்னேன். சுவர்ல பெயின்ட்ல எழுதியிருக்கு. வலது கோடி அறை வெளிச்சுவர்ல: "பாகம் எண் 187", கீழே தெருப் பேர்கள். அதுக்குப் பக்கத்துலயே மங்கலா இன்னொரு எழுத்து, "பாகம் எண் 174". இடது கோடியில 186 இருக்கு.

ஆனா அந்த ஓட்டுக் கட்டிடம், 188க்குப் போட்டிருக்காங்களே, அது இல்லை. இடிச்சுட்டாங்க. அஸ்திவாரக் கல்லுதான் கிடக்கு. அப்ப 188 எங்க? 188ஐ 187 அறைக்குள்ள தள்ளிட்டு 187ஐ வேற எங்கயாவது போட்டுட்டா?

கார்த்தி79 | 24 மார்ச், மாலை 6.00

சுவர்ல 187னு இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம். அம்மா பூத் அதான், முடிஞ்சது. ஸ்லிப் வந்ததும் அதை மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, அட்டைகூட வேணாம்.

ஓய்வாசிரியர் | 24 மார்ச், இரவு 8.20

இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சீட்டு அடையாள ஆவணம் அல்ல. முன்பு படம் போட்ட சீட்டை ஏற்றார்கள். 2019ல் அதை நிறுத்திவிட்டார்கள். சீட்டு இடம் தெரிந்துகொள்ளத்தான். அட்டை வேண்டும், அட்டை தொலைந்தால் ஆதார், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போல ஆணையம் சொன்ன வேறு ஆவணம் ஒன்று. உங்கள் அம்மாவின் சமயநல்லூர் அட்டையும் செல்லும். அதில் உள்ள தொகுதி எதுவானாலும், இன்றைய பட்டியலில் அந்தச் சாவடியில் பெயர் இருந்தால் போதும்.

சுவர் எழுத்தைச் சாட்சியாக எடுக்கும் முன் யோசியுங்கள். 174 என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது பழைய எண். பழைய எழுத்தை அழிக்காமல் பக்கத்திலேயே புதிது எழுதுவார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் கீழே உள்ள தெருப் பெயர்களைப் பட்டியலின் பிரிவுகளோடு ஒப்பிடுங்கள். தெருக்களும் ஒத்தால்தான் நடப்பு எழுத்து.

188 பற்றி உங்கள் கவலை நியாயமானது. கட்டிடம் இடிந்தாலோ பழுதானாலோ மாவட்டத் தேர்தல் அலுவலர் வேறு கட்டிடம் முன்மொழிவார், ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குள் ஜனவரிப் பட்டியலின் முதல் பக்கம் அச்சாகி வந்துவிட்டிருக்கும். பட்டியலில் பழைய கட்டிடமும் நடப்பில் புதிய கட்டிடமும் இருப்பது இப்படித்தான். இதைத் தீர்க்க ஒரே ஆள் பிஎல்ஓ. தேடல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் 1950க்குப் பேசுங்கள். கைபேசியிலிருந்து என்றால் உங்கள் மாவட்டத்துக்குப் பேச மதுரையின் 0452ஐ முன்னால் சேர்க்க வேண்டும்.

கேட்கும்போது "பூத் எங்கே" என்று கேட்காதீர்கள். "பள்ளிக்கூடம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "187 எந்த அறை, 188 எங்கே போனது" என்று கேளுங்கள்.

வைகைக்கரை | 26 மார்ச், காலை 11.50

பிஎல்ஓ அம்மா எங்க ஊர் அங்கன்வாடிப் பணியாளர்தான். கேட்ட உடனே சொல்லிட்டாங்க. 187 அதே வலது கோடி அறை. 188ஐ அதே வளாகத்துல புதுசா கட்டின வகுப்பறைக்கு மாத்தியிருக்காங்க, ஆணையை இன்னும் கையில வாங்கலையாம், வாய்மொழியா சொல்லியிருக்காங்களாம். சுவர்த் தெருக்களையும் சரிபார்த்தேன். மூணும் ஒத்துப்போகுது.

வரைபடக் குறி ஏன் காலனிக்குப் போகுதுன்னு கேட்டேன். "அதை யார் சார் பார்க்கிறா"ன்னாங்க.

வயசைப் பத்தியும் கேட்டேன். வீட்டுலயே வந்து ஓட்டு வாங்கறது 85க்கு மேல, இல்லைன்னா 40 சதவீத ஊனம் சான்று இருந்தாத்தான். அம்மாவுக்கு ரெண்டும் இல்லை. சாய்தளம் இருக்கான்னு தம்பியைப் படம் எடுக்கச் சொன்னேன். இருக்கு, ஆனா அது இடது கோடிப் பக்கம், 186 வாசல்ல. அம்மா அங்க ஏறி வராண்டா வழியா வலது கோடிக்கு நடக்கணும்.

செந்தூரான் | 26 மார்ச், மதியம் 12.30

இவ்வளவு விசாரிச்சு யாருக்கு ஓட்டுன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்களா?

வைகைக்கரை | 26 மார்ச், மதியம் 12.34

அதைக் கேட்டா அடி விழும்.

வைகைக்கரை | 12 ஏப்ரல், இரவு 9.00

சீட்டு வந்துடுச்சு. ரெண்டு சீட்டு! ஒன்னு பிஎல்ஓ கொடுத்தது. பாகம் 187, வரிசை 642, பள்ளி, வடக்குப் பகுதி. இன்னொன்னு கட்சிக்காரங்க கொடுத்தது, பின்னாடி சின்னம் போட்டது. அதுல வரிசை எண் சரியா இருக்கு, இடம் மட்டும் "சமுதாயக் கூடம்". 2021 கோப்பை வச்சு அப்படியே அச்சடிச்சிருக்காங்க போல. எங்க தெரு முழுக்க இதே சீட்டைக் கொடுத்திருக்காங்க. அம்மா நம்புறது அந்தச் சீட்டைத்தான், ஏன்னா கொடுத்த பையனைத் தெரியுமாம்.

ராஜிக்கா | 12 ஏப்ரல், இரவு 9.25

கட்சி ஸ்லிப்பை உள்ள எடுத்துட்டுப் போகவே விட மாட்டாங்க, சின்னம் இருந்தா வாசல்லயே வாங்கிப்பாங்க. எண்ணை ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுங்க. போனையும் உள்ள விட மாட்டாங்க, அதுல ஸ்கிரீன்ஷாட் வச்சு ஒன்னும் ஆகாது.

மலர்விழி | 13 ஏப்ரல், காலை 7.45

நான் தாம்பரத்துக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஐயா சொன்ன மாதிரி பக்கத்துப் பாகங்களையும் இறக்கிப் பார்த்தேன், எங்க ஸ்கூல்ல மொத்தம் ஒன்பது பூத்! பழைய வீட்டுப் பக்கம் குடியிருக்கிற தோழி போய்ப் பார்த்துட்டு, இப்ப அங்க ஒரு அறையிலயும் எண் ஒட்டலைன்னு சொல்றா. எப்ப ஒட்டுவாங்க?

ஓய்வாசிரியர் | 13 ஏப்ரல், காலை 9.10

முந்தின நாள் மாலை. இயந்திரங்களோடு அலுவலர்கள் வந்து இறங்கியதும் முதல் வேலைகளில் அது ஒன்று. எந்தப் பகுதி, எந்த வாக்காளர்கள் என்ற அறிவிப்பும் வேட்பாளர் பட்டியலும் சாவடிக்கு வெளியே ஒட்ட வேண்டும் என்பது விதி. 18ஆம் தேதி இருட்டும் முன் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் சந்தேகம் கிடையாது. அதற்கு முன்னால் எண் ஒட்டவில்லை என்று கவலைப்பட வேண்டாம், அது நடந்துகொண்டிருக்கும் பள்ளிக்கூடம்.

வைகைக்கரை | 18 ஏப்ரல், இரவு 8.30

தம்பி போய்ப் பார்த்துட்டான். வலது கோடி, 187. அறிவிப்புல தெருக்கள் இருக்கு. சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கு. கீழத்தெருவுல இந்தக் கட்சிச் சீட்டை நம்பி இருக்கிற நாலைஞ்சு வீட்டுக்குச் சொல்லிட்டு வந்திருக்கான்.

வைகைக்கரை | 19 ஏப்ரல், மதியம் 12.10

அம்மா எட்டரைக்கெல்லாம் போட்டுட்டு வந்துட்டாங்க. சாய்தளம் வழியா ஏறினப்ப 186 வரிசையில நின்னவங்க "பாட்டி, வரிசை அந்தப் பக்கம்"னு சொல்லியிருக்காங்க. "தெரியும், வடக்குப் பகுதி"ன்னு சொன்னாங்களாம்.

கார்த்தி79 | 19 ஏப்ரல், மாலை 4.00

நான் போன தடவை போட்ட ரூமுக்கே போய் நின்னேன். வேற ரூம். அதுக்கு மேல இங்க எதுவும் சொல்ல விரும்பலை.

செந்தூரான் | 19 ஏப்ரல், மாலை 4.03

😂😂😂

---

மலர்விழி | 21 டிசம்பர் 2025, இரவு 10.15

பழைய இழையைத் தோண்டறதுக்கு மன்னிக்கணும். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துல கணக்கெடுப்பு முடிஞ்சு 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்திருக்கு இல்லையா. நான் 2024லயே படிவம் 8 போட்டு கோயம்புத்தூருக்கு மாத்திட்டேன். இங்க என் பாகம் 92ஆ இருந்தது. இப்ப 92ஐ இறக்கினா யாரோ வேற தெரு ஆட்கள். என் பேரை நீக்கிட்டாங்களா?

வைகைக்கரை | 21 டிசம்பர், இரவு 11.00

பதறாதீங்க. எங்க ஊர் 187ம் 187ஆ இல்லை. நானும் முதல்ல பாகத்தைத் திறந்து பார்த்துட்டுத் திகைச்சுப் போனேன். அட்டை எண்ணைப் போட்டுத் தேடினதும் அம்மா பேர் 203ல வந்துச்சு, வரிசை எண்ணும் புதுசு.

ஓய்வாசிரியர் | 22 டிசம்பர், காலை 6.20

காரணம் சொல்கிறேன். இந்த முறை ஒரு சாவடிக்கு 1,200 பேர் என்று வரம்பைக் குறைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய பாகங்களை உடைத்துப் புதிய பாகம் ஆக்கினார்கள். 2021ல் செய்தது போலத் துணைச் சாவடி அல்ல, தனிப் பாகமே. தொகுதியின் தொடக்கத்தில் நான்கு பாகம் கூடினால் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நான்கு தள்ளிப் போகும். பழைய பாக எண்ணில் தேடினால் அந்நியர் வீட்டைத் தட்டியதாகிவிடும். மலர்விழி, அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அதிலும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது நீக்கப்பட்டவர்களின் தனிப் பட்டியலையும் பாருங்கள்.

மலர்விழி | 22 டிசம்பர், காலை 7.05

வந்துடுச்சு! பாகம் 97. ஸ்கூல் அதே ஸ்கூல்தான். கட்டிடம் மட்டும் "தெற்கு பார்த்த"ன்னு இருக்கு, முன்னாடி மேற்கு.

வைகைக்கரை | 22 டிசம்பர், மாலை 6.40

எங்களுக்கும் ஒரு குழப்பம் ஐயா. 1,264 பேரை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. அம்மா இருக்கிற 203க்கு "சமுதாயக் கூடம்"னு போட்டிருக்கு. அங்க போன மழையில சுவர் விரிசல் விட்டு யாரும் உள்ள போறதில்லை. இத்தனைக்கும் திருத்தத்துல பேர் நீங்கினது போக ரெண்டு பாகத்தையும் கூட்டினா 1,200க்குக் கீழதான் வருது. மறுபடி ஒன்னாக்கிடுவாங்களா?

ஓய்வாசிரியர் | 22 டிசம்பர், இரவு 8.15

பிரித்தது பழைய எண்ணிக்கையை வைத்து. இனி சேர்ப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விரிசல் பற்றி இப்போதே எழுதிக் கொடுங்கள். தேர்தல் பதிவு அலுவலருக்கு, பாக எண், கட்டிடத்தின் பெயர், விரிசலின் படம். எந்த அறைக்கு மாற்றலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு இடம் மாற்றுவது அவர்களுக்குப் பெரும்பாடு, இப்போது சுலபம். பிஎல்ஓவிடமும் ஒரு படி கொடுங்கள்.

வைகைக்கரை | 23 டிசம்பர், காலை 9.30

எழுதிட்டேன். அந்த இடிச்ச ஓட்டுக் கட்டிடத்துக்குப் பதிலா கட்டின வகுப்பறை இருக்கே, அதைக் கேட்டிருக்கேன். பிஎல்ஓ இப்ப வேற ஒருத்தர். படியை வாங்கிட்டு, ஒப்புகை கேட்டதுக்கு மட்டும் "அதெல்லாம் எதுக்கு சார்"னார். பதிவுத் தபால்ல இன்னொன்னு போட்டுட்டேன்.

கார்த்தி79 | 23 டிசம்பர், காலை 10.02

எனக்கும் பாகம் மாறியிருக்கு. இந்த தடவை 18ஆம் தேதி மாதிரி முந்தின நாளே போய் நின்னு பார்க்கப் போறேன். சரி, "வடக்கு பார்த்த தார்சு கட்டிடம், கிழக்குப் பகுதி"ன்னா இடது கையா வலது கையா?

ஓய்வாசிரியர் | 23 டிசம்பர், காலை 10.40

வாசலைப் பார்த்து நின்றால் உங்கள் முகம் தெற்கே. இடது கை.